உஷார்! பில்லில் புது பிரேக் பேட், சக்கரத்தில் பழைய பேட்

சர்வீஸ் சென்டரிலிருந்து காரை எடுத்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லையா? உடனே பில்லைக் கையில் எடுங்கள். அதில் பிரேக் பேட், ஏசி ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் ப்ளக் என்று மாற்றியதாக எழுதியிருக்கும் பாகங்கள் உண்மையிலேயே வண்டியில் இருக்கின்றனவா என்று இன்றைக்கே பாருங்கள். அடுத்த சர்வீஸுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அதற்குள் நிரூபிக்க எதுவும் மிஞ்சாது.

அதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. மாற்றவில்லை என்ற சந்தேகம் வந்த உடனே பெரும்பாலானவர்கள் சர்வீஸ் அட்வைசருக்குப் போன் போட்டுச் சத்தம் போடுவார்கள். மறுமுனையில் குரல் மிகப் பணிவாக வரும். “சாரி சார், வண்டியக் கொண்டு வாங்க, அரை மணி நேரத்துல செக் பண்ணிக் குடுத்துடறோம், நீங்க லவுஞ்ச்ல காபி சாப்டுங்க.” தயவுசெய்து அப்படிக் கொண்டுபோய் விடாதீர்கள். உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்த வண்டிதான். அது உங்கள் கண்ணுக்கு மறைவாக அரை மணி நேரம் உள்ளே இருந்தால், புது பேட் ஏறிவிடும், புது ஃபில்டர் உட்கார்ந்துவிடும். “பாருங்க சார், மாத்தித்தானே இருக்கு” என்பார்கள். அதன்பிறகு உங்களிடம் புகார் மட்டும்தான் இருக்கும், ஆதாரம் இருக்காது.

திருச்சியில் இருக்கும் என் அக்காவின் காரில் நடந்ததைச் சொல்கிறேன். பெட்ரோல் கார், ஓடியது 41,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆவணி மாதம் சர்வீஸுக்கு விட்டிருந்தார். பில்லில் வழக்கமான எண்ணெய் மாற்றம் போக மூன்று பாகங்கள் இருந்தன. முன் சக்கர பிரேக் பேட் செட் 2,640 ரூபாய், அதை மாட்டியதற்குக் கூலி 700, ஏசி ஃபில்டர் 540, ஸ்பார்க் ப்ளக் நான்கு 1,240. பழைய பாகங்களைக் கேட்டபோது “ஸ்கிராப்ல போட்டாச்சு மேடம்” என்று பதில் வந்தது. அன்று மாலையே எனக்கு பில்லை அனுப்பி, “ஏசி போட்டா அதே பழைய புழுதி வாசனைதான்டா வருது, கொஞ்சம் வந்து பாரு” என்றார்.

ஏசி ஃபில்டரைப் பார்க்க பெரும்பாலான கார்களில் ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். முன் சீட்டுக்கு எதிரே இருக்கும் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து இரண்டு பக்கமும் உள்நோக்கி அழுத்தினால் கீழே இறங்கிவிடும், அதன் பின்னால் ஒரு மூடி, அதற்குள் ஃபில்டர். அக்கா காரின் ஃபில்டர் மடிப்புகளில் காய்ந்த வேப்பம்பூ அப்பியிருந்தது. வண்டி நிற்பது வேப்பமரத்தடியில், பூ கொட்டியது சித்திரையில். ஆவணியில் போட்ட புது ஃபில்டருக்குள் சித்திரைப் பூ எப்படி வந்தது?

இதுவே போதும் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் சர்வீஸ்காரர் இதற்கு ஒரு பதில் சொல்ல முடியும். காற்று வரும் குழாயில் ஏற்கெனவே தங்கியிருந்த பூ, ஃபேன் சுற்றும்போது புது ஃபில்டரில் வந்து விழுந்தது என்பார். முழுப் பொய் என்று அதைத் தள்ளிவிட முடியாது. அதனால் பூவோடு நிறுத்தாமல் ஃபில்டரின் சட்டத்தில் அச்சடித்திருக்கும் பாக எண், தயாரிப்புக் குறியீடு, ஓரத்தில் இருக்கும் ஸ்பாஞ்ச் நசுங்கிப் போயிருக்கிறதா என்பது எல்லாவற்றையும் படம் எடுத்தோம். பாதி மட்டும் வெளியே இழுத்துப் படம் எடுத்துவிட்டு அப்படியே உள்ளே தள்ளிவிட்டோம். கழற்றி எடுத்து வைக்கவில்லை. அது ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்தது பிரேக் பேட். பயப்பட வேண்டிய விஷயம் இதுதான், காரணம் பணம் மட்டும் இல்லை. முன் சக்கரப் புது பேடில் உராயும் பகுதி பெரும்பாலான சிறிய கார்களில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும். தேய்ந்து தேய்ந்து 3 மில்லிமீட்டரை நெருங்கினால் மாற்றச் சொல்வார்கள். பேடை மாற்றாமலே மாற்றியதாக எழுதிவிட்டால், அந்தப் பொய் பில்லோடு முடிந்துபோகாது, கம்பெனியின் சர்வீஸ் ரெக்கார்டிலும் ஏறிவிடுகிறது. அடுத்த முறை நீங்கள் “பிரேக்ல ஏதோ சத்தம் வருது” என்று சொன்னால், அட்வைசர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “பேட் போன சர்வீஸ்லதான் மாத்தினது மேடம், தூசியா இருக்கும்” என்று அனுப்பிவிடுவார். யாரும் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க மாட்டார்கள். பேட் முழுக்கத் தேய்ந்து இரும்புத் தகடு டிஸ்க்கில் உரசும் வரை அந்த ரெக்கார்டு உங்களை ஏமாற்றிக்கொண்டே இருக்கும். குடும்பத்தோடு மலைப்பாதையில் இறங்கும்போது இது தெரியவந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அலாய் வீல் என்றால் ஆரக்கால்களின் இடைவெளி வழியாக டார்ச் அடித்தாலே வெளிப் பேடின் ஓரம் தெரியும். உள் பேட் அவ்வளவு சுலபமாகத் தெரியாது. வீல் கேப் போட்ட இரும்புச் சக்கரமாக இருந்தால் கேப்பைக் கழற்றியும் ஒன்றும் தெரியாமல் போகலாம். அக்காவுடையது அலாய் வீல். எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை வீட்டுக்கே வரவழைத்தேன். அவர் சக்கரத்தைத் தொடாமல் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நாலு மில்லிதான் சார் இருக்கும். காலிப்பர் போல்ட்டப் பாருங்க, தலை முழுக்க புழுதி படிஞ்சு கெடக்கு. பேட் மாத்தணும்னா இந்த போல்ட்ல ஸ்பானர் போட்டே ஆகணும். போட்டிருந்தா புழுதி பேந்து இரும்பு பளபளன்னு தெரியும்.”

அதோடு ஓடோமீட்டரைப் படம் எடுத்தோம். பில்லில் இருந்தது 41,236. அப்போது காட்டியது 41,252. பதினாறு கிலோமீட்டரில் எந்தப் பேடும் பத்து மில்லிமீட்டரிலிருந்து நான்குக்குத் தேயாது. உடனே பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான். இரண்டாயிரம், மூன்றாயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஃபில்டர் அழுக்காக இருக்கிறது என்றால், “ரோடு அப்படி சார்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

ஸ்பார்க் ப்ளக்கை மட்டும் நாங்கள் தொடவில்லை. பழைய ப்ளக்கைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மின்முனையின் விளிம்பு மழுங்கியிருக்கும், உள்ளே இருக்கும் வெள்ளைப் பீங்கான் பழுப்பேறியிருக்கும். புதிது என்றால் விளிம்பு கூராக இருக்கும். ஆனால் அதைப் பார்க்க இக்னிஷன் காயிலைக் கழற்றி, ப்ளக்கைத் திருகி வெளியே எடுத்தாக வேண்டும். அந்த வேலையை வெளி மெக்கானிக்கிடம் செய்துவிட்டால், மறுநாளே “எங்க ப்ளக்க நீங்கதான் வெளில மாத்திட்டீங்க” என்று கதை திரும்பும். ஏசி ஃபில்டரை வெளியே எடுத்து வைக்காததும் இதனால்தான். கழற்றாமல் பார்க்க முடிந்ததைப் பார்த்துப் படம் எடுங்கள். கழற்றித்தான் பார்க்க வேண்டும் என்றால், அது இரண்டு தரப்பும் நிற்கும்போது நடக்கட்டும்.

பார்த்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாத பாகங்களும் உண்டு. கூலன்ட் மாற்றினார்களா, பிரேக் ஆயில் மாற்றினார்களா, த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தார்களா என்பதை வீட்டில் வைத்து நிரூபிப்பது மிகக் கடினம். டீசல் வண்டியில் எஞ்சின் ஆயில் மாற்றிய கொஞ்ச தூரத்திலேயே கறுத்துவிடும், ஆகவே கறுப்பு நிறத்தை வைத்து மாற்றவில்லை என்று சொல்லிவிடக் கூடாது. சந்தேகம் உள்ள எல்லாவற்றையும் புகாரில் கொட்டினால், உறுதியாகத் தெரிந்த விஷயமும் சேர்ந்து பலவீனமாகிவிடும். கண்ணால் பார்த்ததை மட்டும் பார்த்ததாக எழுதுங்கள்.

நடந்தது எல்லாமே திட்டமிட்ட திருட்டு என்று நான் சொல்லவில்லை. 40,000 கிலோமீட்டர் சர்வீஸுக்கு என்று சில இடங்களில் ஒரு பேக்கேஜ் இருக்கும், ஜாப் கார்டு திறந்த உடனே அதில் உள்ள பாகங்கள் எல்லாம் தானாக ஏறிவிடும். மெக்கானிக் பார்த்துவிட்டு “இது இன்னும் ஓடும்” என்று விட்டிருப்பார், பில் போடுகிறவர் நீக்கியிருக்க மாட்டார். அல்லது ஸ்டோரிலிருந்து உங்கள் பெயரில் எடுத்த பேட் பக்கத்து வண்டியில் ஏறியிருக்கலாம். காரணம் எதுவாக இருந்தாலும் பணம் உங்களுடையது, பிரேக்கும் உங்களுடையது. ஆனால் முதல் கடிதத்திலேயே “மோசடி”, “திருட்டு” என்று எழுதாதீர்கள். எழுதினால் பேச்சு அந்த வார்த்தையைச் சுற்றியே ஓடும், பேடை யாரும் பார்க்க மாட்டார்கள்.

அக்கா அனுப்பிய கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கித் தருகிறேன். சர்வீஸ் மேனேஜருக்கு மின்னஞ்சலில் போனது, கார் தயாரித்த கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு நகல் போனது. அதையே அச்செடுத்து ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதை பில்லோடு சேர்த்து வைத்தோம்.

“ஐயா, மேலே குறிப்பிட்ட ஜாப் கார்டு எண்ணின்படி என் வாகனம் தங்கள் மையத்தில் சர்வீஸ் செய்யப்பட்டு, 41,236 கிலோமீட்டரில் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. பில்லில் முன் பிரேக் பேட் செட், ஏசி ஃபில்டர், ஸ்பார்க் ப்ளக் நான்கு ஆகியவை மாற்றப்பட்டதாகக் கட்டணம் பெறப்பட்டுள்ளது. அன்று மாலை 41,252 கிலோமீட்டரில் பார்த்தபோது முன் பேட் தேய்ந்த நிலையிலும், காலிப்பர் போல்ட்டுகள் கழற்றப்பட்ட அடையாளம் இல்லாமலும், ஏசி ஃபில்டர் பழையதாகவும் காணப்பட்டன. படங்கள் இணைப்பில் உள்ளன. ஸ்பார்க் ப்ளக் நிலை எனக்குத் தெரியாது, அதையும் சரிபார்க்க வேண்டுகிறேன்.

என் முன்னிலையில் கூட்டு ஆய்வு நடத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆய்வு தொடங்கும் வரை வாகனத்தில் எந்தப் பாகத்தையும் கழற்றவோ மாற்றவோ என் சம்மதம் இல்லை. ஆய்வின்போது பேடின் கனத்தை அளந்து, அதே பாக எண் கொண்ட புது பேடோடு ஒப்பிட்டு, முடிவை எழுத்தில் கையெழுத்துடன் தர வேண்டும். கழற்றப்படும் பாகங்கள் என்னிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்.

என் ஜாப் கார்டுக்கு ஸ்டோரிலிருந்து இந்தப் பாகங்கள் வழங்கப்பட்டதற்கான சீட்டின் நகலையும், கழற்றிய பழைய பாகங்களையும் கேட்கிறேன். என் வாகனம் நின்ற பேயின் அன்றைய கேமரா பதிவை அழிக்காமல் பாதுகாக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏழு நாட்களுக்குள் ஆய்வுக்கான தேதியை எழுத்தில் தெரிவிக்கவும். பதில் இல்லாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன்.”

இந்தக் கடிதத்தில் எங்கேயும் “புது பேட் போட்டுக் கொடுங்கள்” என்ற வரி இல்லை என்பதைக் கவனியுங்கள். அதை எழுதினால் அவர்கள் போட்டுக் கொடுத்துவிட்டுக் கதையை முடித்துவிடுவார்கள். முதலில் ஆய்வு நடக்க வேண்டும். கேமரா பதிவு, ஸ்டோர் சீட்டு இரண்டையும் உடனே கேட்க வேண்டியதும் அவசியம். கேமரா பதிவுகள் சில நாளிலோ சில வாரத்திலோ தானாக அழிந்து, மேலே புதுப் பதிவு ஏறிவிடும். தர மறுத்தாலும், கேட்டதற்கான தேதி உங்கள் கடிதத்தில் நிற்கும்.

அதுவரை போனில் மட்டுமே பேசிக்கொண்டிருந்தவர்கள், கடிதம் போனதும் ஆய்வுக்குத் தேதி கொடுத்தார்கள். அன்றைக்கும் வாசலிலேயே ஒரு பையன் சாவிக்குக் கை நீட்டினான். அக்கா கொடுக்கவில்லை. “வண்டிய நானே பே வரைக்கும் ஓட்டிட்டு வரேன் தம்பி, மேனேஜர வரச் சொல்லுங்க” என்றார். வாடிக்கையாளர்கள் உள்ளே வரக் கூடாது என்று பாதுகாப்பு விதியைக் காட்டினார்கள். “அப்ப வெளில வெயில்லயே நிறுத்திப் பாக்கலாம், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்றார் அக்கா. பத்து நிமிடத்தில் விதி தளர்ந்தது.

முதலில் ஓடோமீட்டரைப் படம் எடுத்தோம். பிறகு சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் காலிப்பர் போல்ட்டை அவர்கள் ஆளை வைத்தே படம் எடுக்கச் சொன்னோம். கழற்றி வெர்னியரில் அளந்தபோது வெளிப் பேட் 4 மில்லிமீட்டர், உள் பேட் 3.5. பெட்டியைப் பிரித்து எடுத்த புதுப் பேட் 10. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகு அங்கே யாரும் பேசவில்லை. ஏசி ஃபில்டரும் பழசுதான். ஆனால் ஸ்பார்க் ப்ளக் நான்கும் புதிது, வெள்ளை வெளேரென்று இருந்தன. கடிதத்தில் “ப்ளக்கையும் மாற்றவில்லை” என்று குற்றம் சாட்டியிருந்தால், அந்த ஒரு தவறைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் மழுப்பியிருப்பார்கள்.

ஸ்டோர் சீட்டில் பேட் செட் அக்காவின் ஜாப் கார்டுக்கு வழங்கப்பட்டதாகவே இருந்தது. அது எங்கே போனது என்பதற்குக் கடைசி வரை பதில் இல்லை. கழற்றிய பேடையும் ஃபில்டரையும் ஒரு கவரில் போட்டு, ஒட்டி, மேலே இரண்டு தரப்பும் தேதியோடு கையெழுத்துப் போட்டோம். அந்தக் கவர் அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது. நாளைக்கு ஆணையத்துக்குப் போக நேர்ந்தால் சாட்சி அதுதான். பாகத்தைச் சோதித்துத்தான் உண்மை தெரியும் என்றால் அதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் அதிகாரம் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஆணையத்துக்கு இருக்கிறது. உறைக்குள் இருப்பது யார் வைத்தது என்ற கேள்வி வராமல் இருக்க அந்த இரண்டு கையெழுத்தும் வேண்டும்.

ஆய்வுக்கே வர மறுத்தாலோ, ஏழு நாளும் பதில் இல்லாமல் போனாலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், சர்வீஸ் சென்டர் இருக்கும் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதற்கிடையே பேட் அபாயக் கட்டத்தில் இருந்தால் வழக்குக்காக அதே பிரேக்கோடு ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். அளந்து, படம் எடுத்து, வேறு இடத்தில் பில்லோடு மாற்றி, பழைய பேடை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா விஷயத்தில் பேட், கூலி, ஃபில்டர் மூன்றுக்கும் சேர்த்து 3,880 ரூபாயைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். கூடவே ஒரு தாளை நீட்டினார்கள். “என் புகார் முழுமையாகத் தீர்க்கப்பட்டது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று அச்சடித்திருந்தது. பணத்தைப் பார்த்த சந்தோஷத்தில் பலரும் இங்கேதான் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். ரெக்கார்டில் மட்டும் அந்தப் பொய் அப்படியே இருக்கும்.

அக்கா பேனாவை மூடிவிட்டு, “41,236-ல பேட் மாத்தினதா உங்க சிஸ்டத்துல இருக்கறத எடுத்துடுங்க, எடுத்த பிரின்ட்டக் குடுங்க, அப்புறம் போடறேன்” என்றார். சிஸ்டத்தில் திருத்த ரீஜினல் ஆபீஸ் அனுமதி வேண்டும், இரண்டு நாள் ஆகும் என்றார்கள். சரி என்று கிளம்பிவிட்டார். மூன்றாம் நாள் திருத்திய சர்வீஸ் வரலாறு மின்னஞ்சலில் வந்தது. பேட், ஃபில்டர் இரண்டு வரியும் அதில் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். புது பேடை மட்டும் ஆய்வு நடந்த அன்றே அங்கேயே, எதிரில் நின்று, தனி பில்லுக்கு மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.